சான்றிதழ் எரியவில்லை: கராச்சி முதல் டார்ட்மண்ட் வரை

(மும்பையில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னாட்டு நிறுவனங்களும் மனித உரிமையும் என்ற தலைப்பில் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இத்தலைப்பில் தீர்மானங்களும் அறிக்கைகளும் ஏராளமாக உள்ளன. அவற்றைப் பட்டியலிடுவதைவிட, ஒரே ஒரு தொழிற்சாலையில் நடந்ததை முழுமையாகப் பார்ப்பது நல்லது என்று கருதுகிறேன். ஒரு நாட்டில் உத்தரவிட்டு இன்னொரு நாட்டில் உற்பத்தி செய்விக்கும் நிறுவனம், அங்கே தொழிலாளர்கள் இறக்கும்போது எந்தெந்த வழிகளில் பொறுப்பிலிருந்து விலகிக் கொள்கிறது என்பதை அந்த ஒரு நிகழ்வே நமக்குக் காட்டிவிடும்.

கராச்சி நகரின் பால்டியா பகுதியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை இயங்கி வந்தது. 2012 ஆகஸ்டில் அதற்கு 'எஸ்.ஏ. 8000' என்ற சான்றிதழ் வழங்கப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் இல்லை, வேலை நேரம் முறையானது, பணியிடம் பாதுகாப்பானது என்றெல்லாம் உறுதி கூறும் சர்வதேசச் சான்றிதழ் அது. அதை வழங்கியது இத்தாலியைச் சேர்ந்த ரினா என்ற நிறுவனம். ஆனால், தொழிற்சாலையை நேரில் பார்த்தது ரினா அல்ல. அந்த வேலையை அது பாகிஸ்தானில் உள்ள ஓர் உள்ளூர் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது.

சான்றிதழ் கிடைத்து மூன்று வாரங்கள் ஆயின. செப்டம்பர் 11 மாலை, தரைத்தளக் கிடங்கில் தீப்பற்றியது. சன்னல்கள் இரும்புக் கம்பிகளால் அடைக்கப்பட்டிருந்தன. அவசர வழிகள் பூட்டப்பட்டிருந்தன. நடுவில் மரத்தால் ஒரு இடைத்தளம் கட்டப்பட்டிருந்தது; அது தீக்கு விறகாயிற்று. 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோருக்கு நியமனக் கடிதம் கூடக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே உள்ளே இருந்தவர்கள் யார் என்பதையே குடும்பத்தார் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பல உடல்களை மரபணுச் சோதனை வழியாகவே அடையாளம் காண முடிந்தது.

யாருடைய தொழிற்சாலை?

சட்டத்தின் பார்வையில் அது ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தின் தொழிற்சாலை. உற்பத்தியின் பார்வையில் வேறு பதில் கிடைக்கும். அங்கே தைக்கப்பட்ட ஆடைகளில் மிகப் பெரும்பகுதியை வாங்கியது ஒரே நிறுவனம்: ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகருக்கு அருகில் தலைமையகம் கொண்ட 'கிக்' என்ற மலிவு விலைத் துணிக்கடைச் சங்கிலி. எந்த ஆடை, என்ன அளவு, எந்தத் தேதிக்குள், என்ன விலைக்கு என்பதை அதுவே தீர்மானித்தது. அது கொள்முதலை நிறுத்தினால் தொழிற்சாலை நிற்கும். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் அதற்கு ஒரு பங்கு கூடக் கிடையாது.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். போபாலில் யூனியன் கார்பைடின் அமெரிக்கத் தாய் நிறுவனம் இந்தியக் கிளையின் 50.9 சதவீதப் பங்குகளை வைத்திருந்தது. அங்கே உரிமை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய மூலதனம் உரிமையையும் கைவிட்டு, கொள்முதல் ஒப்பந்தத்தின் மூலமாகவே தொலைதூர உற்பத்தியை ஆளக் கற்றுக்கொண்டுவிட்டது. உத்தரவு ஒப்பந்தத்தின் வழியே போகிறது. லாபம் அதே வழியே திரும்பி வருகிறது. பொறுப்பு மட்டும் துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது.

'உரிய கவனம்' என்றால் என்ன?

இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கத்தோடுதான் ஐ.நா. மனித உரிமைக் குழு 2011 ஜூனில் வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதை வகுத்தவர் ஜான் ரகி. மனித உரிமையைக் காப்பது அரசின் கடமை, அதை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிக்கப்பட்டோருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பவை அதன் மூன்று தூண்கள். இரண்டாவது தூணின் மையக் கருத்துதான் 'டியூ டிலிஜென்ஸ்', அதாவது உரிய கவனக் கடமை.

இதன் பொருள் எளிமையானது. தன் தொழிலாலும், தனக்குப் பொருள் தரும் நிறுவனங்களின் தொழிலாலும் யாருக்கு என்ன தீங்கு நேரக்கூடும் என்று ஒரு நிறுவனம் முன்கூட்டியே ஆராய வேண்டும். கண்டறிந்ததை வைத்துத் தன் நடைமுறையை மாற்ற வேண்டும். மாற்றம் பலன் தந்ததா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். நடந்ததை வெளியே சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவை யாவும் சரி. ஆனால், வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை கிடையாது. மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

ஆகவே நிறுவனங்கள் இக்கடமையைத் தணிக்கையாகச் சுருக்கிக் கொண்டன. தணிக்கையாளர் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருகிறார். நிர்வாகம் பூட்டுகளைக் கழற்றி வைக்கிறது. தொழிலாளர்களை மேலாளரின் அறைக்கு அருகிலேயே வைத்து விசாரிக்கிறார்கள். சான்றிதழுக்கான கட்டணத்தைச் சோதிக்கப்படும் தொழிற்சாலையே செலுத்துகிறது. கடுமையாகச் சோதிக்கும் நிறுவனத்திற்கு அடுத்த ஆண்டு வேலை கிடைக்காது. கிக் நிறுவனமும் முன்பே அலி எண்டர்பிரைசஸுக்குத் தணிக்கையாளர்களை அனுப்பியிருந்தது. கம்பி போட்ட சன்னல்கள் அப்போதும் கம்பி போட்ட சன்னல்களாகவே இருந்தன.

ஒரு நிறுவனம் உண்மையாகவே கவனம் செலுத்துகிறதா, காகிதத்தை நிரப்புகிறதா என்பதைக் கண்டறிய நமக்கு ஒரு வழி உண்டு. அது தான் கொடுக்கும் விலையையும், தான் விதிக்கும் காலக்கெடுவையும் ஆராய்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவு ஷிப்டுக்கு அவசர வழியைத் திறந்து வைக்க ஓர் ஆளை நியமிப்பதற்கும், மர இடைத்தளத்தை அகற்றுவதற்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் ஆடையின் விலையில் இல்லையென்றால் எந்தத் தணிக்கையாளரும் அதைக் கொண்டுவர முடியாது. இரண்டாவதாக, தொழிலாளர்களை ஆலைக்கு வெளியே, அவர்கள் நம்பும் சங்கத்தின் முன்னிலையில் சந்தித்ததா என்று பார்க்க வேண்டும். எந்தக் கதவு எப்போது பூட்டப்படுகிறது என்பது அங்கே தைப்பவர்களுக்குத் தெரியும்.

நீதிமன்றத்தின் மூன்று கதவுகள்

இறந்தோரின் குடும்பத்தார் ஒன்று சேர்ந்து சங்கம் அமைத்தனர். பாகிஸ்தானின் தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. பெர்லினில் உள்ள ஐரோப்பிய அரசியல் சட்ட, மனித உரிமை மையத்தின் உதவியோடு, 2015 மார்ச்சில் நான்கு பேர் டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் கிக் மீது வழக்குத் தொடுத்தனர். மூவர் உறவினரைப் பறிகொடுத்தவர்கள். ஒருவர் உயிர் தப்பிய தொழிலாளி. ஒவ்வொருவரும் கேட்டது 30,000 யூரோ.

முதல் கதவு: எந்த நாட்டு நீதிமன்றம்? இக்கதவு போபால் மக்களுக்கு அடைக்கப்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை. 1986 மே மாதம் நியூயார்க் நீதிபதி கீனன், இவ்வழக்கை விசாரிக்க ஏற்ற இடம் இந்தியாதான் என்று கூறித் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு 1989-இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு செய்யப்பட்டது. கூடுதல் இழப்பீடு கோரிய மறுசீராய்வு மனுவை 2023 மார்ச்சில் நமது உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஐரோப்பாவில் நிலைமை சற்று வேறு. ஒரு நிறுவனத்தை அதன் தலைமையகம் உள்ள நாட்டில் வழக்குக்கு இழுக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. எனவே 2016 ஆகஸ்டில் டார்ட்மண்ட் நீதிமன்றம் வழக்கை ஏற்றது. வாதிகளுக்குச் சட்ட உதவி நிதியையும் அனுமதித்தது. கராச்சியின் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் ஜெர்மன் நிறுவனத்தை ஜெர்மன் நீதிமன்றத்தில் நிறுத்தியது சிறிய வெற்றி அல்ல.

இரண்டாவது கதவு: எந்த நாட்டுச் சட்டம்? ஐரோப்பிய விதிகளின்படி, தீங்கு எங்கே நேர்ந்ததோ அந்த நாட்டின் சட்டமே பொருந்தும். ஆகவே ஜெர்மன் நீதிபதிகள் பாகிஸ்தான் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பாகிஸ்தான் சட்டம் நமது சட்டத்தைப் போலவே ஆங்கிலேய மரபிலிருந்து வந்தது. தன் கட்டுப்பாட்டில் உள்ள பிற நிறுவனத்தின் தொழிலாளர் மீதும் ஒரு நிறுவனத்திற்குக் கவனக் கடமை உண்டு என்ற ஆங்கிலத் தீர்ப்புகளை வாதிகள் எடுத்துக்காட்டினர். வாங்குபவருக்கும் அக்கடமை உண்டா என்பதே வழக்கின் உயிரான கேள்வி.

அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் பதிலளிக்கவே இல்லை. மூன்றாவது கதவு அதற்கு முன்பே மூடப்பட்டது. 2019 ஜனவரி 10 அன்று வழக்குத் தள்ளுபடியானது. காரணம்: பாகிஸ்தான் சட்டத்தின் காலவரையறை முடிந்த பிறகே வழக்குத் தொடுக்கப்பட்டதாம். தீ விபத்துக்கும் வழக்குக்கும் இடையே இரண்டரை ஆண்டுகள். அக்காலத்தில் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. உடல்களை அடையாளம் கண்டனர், சங்கம் அமைத்தனர், கிக் நிறுவனத்தோடு பேச்சுவார்த்தை நடத்தினர். அந்தப் பேச்சுவார்த்தை அவர்களுக்கு உதவவில்லை. மேல்முறையீட்டுக்குச் சட்ட உதவி நிதி தர ஹாம் நகர உயர் நீதிமன்றமும் மறுத்தது. வழக்கு அத்துடன் முடிந்தது.

பணம் எதுவும் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கிடைத்தது. முதலில் 10 லட்சம் டாலர் உடனடி உதவியாகத் தரப்பட்டது. பின்னர், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஏற்பாட்டில், இண்டஸ்ட்ரியால் என்ற உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தூய ஆடை இயக்கமும் நடத்திய பேச்சின் பயனாக, 2016-இல் மேலும் 51.5 லட்சம் டாலர் தர கிக் ஒப்புக்கொண்டது. குடும்பங்களுக்கு அது அவசியமான பணம். போராட்டம் இல்லாமல் அது வந்திராது. எனினும் அது நிறுவனம் விரும்பித் தந்ததாகவே பதிவாயிற்று. கிக் பொறுப்பாளி என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. தலைமையகம் வரை நீளும் கடமை ஒன்று உண்டு என்ற சட்ட முன்மாதிரி உருவாகவில்லை.

இன்னொரு வாதமும் எழுந்தது. தொழிற்சாலையிடம் மாமூல் கேட்டுக் கிடைக்காத ஒரு கும்பல்தான் தீ வைத்தது என்ற குற்றச்சாட்டில், 2020 செப்டம்பரில் கராச்சி பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. தீ வைத்தது வேறொருவர் என்றால் தன்மேல் பழி இல்லை என்பது கிக் நிறுவனத்தின் நிலை. தீ எப்படிப் பற்றியது என்பது ஒரு கேள்வி. பற்றிய தீயிலிருந்து 250 பேர் ஏன் வெளியேற முடியவில்லை என்பது வேறு கேள்வி. லண்டனைச் சேர்ந்த ஃபொரென்சிக் ஆர்க்கிடெக்சர் என்ற ஆய்வுக்குழு அக்கட்டடத்தைக் கணினியில் மறுஉருவாக்கம் செய்து, அடிப்படைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கும் என்று காட்டியது. தீ வைத்தவன் கதவைப் பூட்டவில்லை.

சான்றிதழ் தந்த ரினாவின் கதை என்ன ஆயிற்று? இத்தாலியில் அதன்மீது புகார் அளிக்கப்பட்டு, அரசு அமைப்பின் முன்னிலையில் சமரசம் பேசப்பட்டது. இறுதியில் ரினா உடன்பாட்டில் கையெழுத்திட மறுத்தது. அந்த அமைப்புக்கு யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை.

எழுதப்பட்ட சட்டமும் அழிக்கப்பட்ட வரியும்

பால்டியா தீக்கு ஏழு மாதங்களுக்குப் பின், 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். ஐரோப்பாவில் எழுந்த மக்கள் கோபம் அரசுகளைச் சட்டம் இயற்ற வைத்தது. பிரான்ஸ் 2017-இல் விழிப்புக் கடமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜெர்மனி 2021-இல் விநியோகச் சங்கிலிச் சட்டத்தை நிறைவேற்றி, 2023 முதல் நடைமுறைப்படுத்தியது. பெரிய நிறுவனங்கள் தமக்குப் பொருள் தருவோரிடம் உள்ள ஆபத்துகளை ஆராய வேண்டும், தவறினால் அரசு அபராதம் விதிக்கலாம் என்கிறது ஜெர்மன் சட்டம். ஆனால் அதன் மூன்றாவது பிரிவில் ஒரு வரி உண்டு: இச்சட்டத்தின் கடமையை மீறுவது இழப்பீட்டுப் பொறுப்பை உண்டாக்காது. அதாவது நாளை இன்னொரு பால்டியா நடந்தால், ஜெர்மன் அரசு அபராதம் வசூலித்துக் கொள்ளலாம். மாண்டவரின் தாய் இச்சட்டத்தைக் காட்டி ஒரு யூரோ கூடக் கேட்க முடியாது.

டார்ட்மண்ட் தீர்ப்பின் பாடத்தைச் சரியாகப் படித்தது 2024-இல் ஏற்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிய கவன ஆணைதான். பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோரலாம் என்று அதன் 29-ஆவது பிரிவு கூறியது. காலவரையறை ஐந்து ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது என்றது. தீங்கு எந்த நாட்டில் நடந்திருந்தாலும் இந்த விதியே பொருந்த வேண்டும் என்றும் கூறியது. கராச்சிக் குடும்பங்கள் முட்டி நின்ற இரண்டாம், மூன்றாம் கதவுகளின் சாவி அந்த ஒரு பிரிவில் இருந்தது.

அது நடைமுறைக்கு வரும் முன்பே பறிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் 'எளிமையாக்கல்' என்ற பெயரில் ஒரு திருத்தத் தொகுப்பை முன்வைத்தது. ஒன்றியம் முழுமைக்குமான இழப்பீட்டுப் பொறுப்பை நீக்கி, அதை அந்தந்த நாட்டுச் சட்டத்திடமே விட்டுவிடுவது அதில் ஒன்று. டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாடு அதை ஏற்றது. 1,000 ஊழியர்களும் 45 கோடி யூரோ விற்பனையும் உள்ள நிறுவனங்களுக்கு என்று இருந்த வரம்பு, 5,000 ஊழியர்களும் 150 கோடி யூரோ விற்பனையும் என்று உயர்த்தப்பட்டது. போட்டித்திறன் குறைகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். கதவைத் திறந்து வைப்பதற்கான செலவைத்தான் அவர்கள் போட்டித்திறன் என்று கணக்கிடுகிறார்கள்.

கையெழுத்தின் வலிமை

அப்படியானால் எதுவும் பலிக்கவில்லையா? பலித்த ஒன்று உண்டு. அது நிறுவனங்களின் நல்லெண்ணத்திலிருந்து வந்ததல்ல. ரானா பிளாசாவுக்குப் பின், 2013 மே மாதம் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஆடை நிறுவனங்களும் வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது தணிக்கை அல்ல, ஒப்பந்தம். பொறியாளர்கள் கண்டறிந்த குறைகள் வெளியிடப்பட்டன. சீரமைப்புச் செலவுக்கு வழி காணும் பொறுப்பு வாங்கும் நிறுவனத்தின் மேல் வைக்கப்பட்டது. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கும் உரிமை சங்கங்களிடம் இருந்தது. அந்த உரிமை பயன்படுத்தப்பட்டது: ஹேக் நகர நிரந்தர நடுவர் மன்றத்தில் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு, 2018 ஜனவரியில் ஒரு பன்னாட்டு ஆடை நிறுவனம் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதில் முடிந்தது. பாகிஸ்தானுக்கும் இவ்வகை உடன்படிக்கை பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது பால்டியா தீக்குப் பத்து ஆண்டுகள் கழித்து வந்தது.

நம் நாட்டில் திண்டுக்கல்லில் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022-இல் உற்பத்தி நிறுவனத்தோடும் அதனிடம் வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களோடும் செய்து கொண்ட உடன்பாடும் இவ்வகையைச் சேர்ந்ததே. பாலியல் துன்புறுத்தலை ஆலைக்குள்ளிருந்து கண்காணிக்கும் அதிகாரம் அங்கே சங்கம் பயிற்றுவித்த தொழிலாளர்களிடம் தரப்பட்டது. நிர்வாகம் உடன்பாட்டை மீறினால் வாங்குபவர் தன் கொள்முதலைக் கொண்டு அழுத்தம் தர வேண்டும். இவற்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். கையெழுத்திட்ட நிறுவனங்களையே இவை கட்டுப்படுத்தும். கால அளவு முடிந்தால் மீண்டும் போராடித்தான் புதுப்பிக்க வேண்டும்.

நமது மூலதனமும் கேள்விக்கு உரியதே

இறுதியாக ஒன்று. இதுவரை நாம் தீங்கைப் பெறும் நாடாகவே நம்மைக் கண்டோம். 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கையை நினைவு கூருங்கள். காம்பியாவில் 66 குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்று அது சுட்டிய நான்கு இருமல், சளி மருந்துகள் அரியானாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. அவற்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் கலந்திருந்ததாக அதன் சோதனை கூறியது. நிறுவனம் மறுத்தது. தன்னிடமுள்ள மாதிரிகளில் குறையில்லை என்று இந்திய அரசும் சொன்னது. காம்பியாவின் பெற்றோர்கள் தம் நாட்டு நீதிமன்றத்தை நாடினர். கீனனின் தீர்ப்பைக் கண்டித்த நாம், அந்தப் பெற்றோர் தில்லியின் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

இன்று பதில் மிகக் குறைவு. செபி விதிகளின்படி பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு அறிக்கை அளிக்க வேண்டும். அது அறிக்கை மட்டுமே. தீங்குக்குப் பரிகாரம் தராது. ஆனால் 2014-இல், பன்னாட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை உருவாக்க ஈக்வடாரும் தென்னாப்பிரிக்காவும் ஐ.நா. மனித உரிமைக் குழுவில் தீர்மானம் கொண்டு வந்தபோது, 20 நாடுகள் ஆதரித்தன, 14 எதிர்த்தன. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் எதிர்த்தன; இந்தியா ஆதரித்தது. அந்த வாக்கை மெய்யாக்கு என்று நாம் அரசிடம் கேட்க வேண்டும். அச்சட்டத்தில் மூன்று இருந்தாக வேண்டும்: தலைமையக நாட்டிலேயே வழக்குத் தொடுக்கும் உரிமை, பேச்சுவார்த்தைக் காலத்தைக் கழித்துக் கணக்கிடும் காலவரையறை, தான் உரிய கவனம் செலுத்தியதை மெய்ப்பிக்கும் சுமையை நிறுவனத்தின் மேல் வைப்பது. கம்பெனியின் கோப்புகள் கம்பெனியிடம்தான் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவா என்று கராச்சித் தாயையோ காம்பியத் தகப்பனையோ கேட்பது நீதியாகாது.

உங்கள் ஊரில் ஏற்றுமதி ஆலை இருந்தால், அதன் வரவேற்பறையில் சான்றிதழ்கள் மாட்டப்பட்டிருக்கும். அவற்றைப் படித்துவிட்டு, இரவு ஷிப்டில் இருக்கும் தோழரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பின்பக்கக் கதவின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?